வட்டி ஏறினால் தவணை ஏறுமா, வருஷம் ஏறுமா?

முதன்முறையாக வீட்டுக் கடன் வாங்கப் போகிறவருக்கு வங்கியில் இரண்டு வழிகள் காட்டுவார்கள். ஒன்று, பிக்சட் எனப்படும் நிலையான வட்டி. மற்றது, ஃப்ளோட்டிங் எனப்படும் மாறும் வட்டி. இரண்டில் நிலையான வட்டி பொதுவாகக் கொஞ்சம் அதிகமாக இருக்கும். வட்டி ஏறும் அபாயத்தை வங்கி தன் தலையில் போட்டுக்கொள்வதற்கான விலை அது. நம் ஊரில் பெரும்பாலோர் வாங்குவது மாறும் வட்டிக் கடன்தான். ஆனால் வட்டி மாறும்போது தங்கள் கடனுக்கு என்ன ஆகிறது என்பது பலருக்குத் தெரிவதில்லை.

2019 அக்டோபர் 1 முதல் வங்கிகள் கொடுக்கும் மாறும் வட்டி வீட்டுக் கடன்களை வெளி அளவுகோல் ஒன்றோடு இணைக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி சொல்லிவிட்டது. பல வங்கிகள் அதற்கு ரெப்போ விகிதத்தை எடுத்துக்கொண்டன. ரெப்போவுக்கு மேல் வங்கி தன் பங்காகக் கூட்டுவது ‘ஸ்ப்ரெட்’. இரண்டும் சேர்ந்ததுதான் உங்கள் வட்டி. மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது அதை மறுபடி கணக்கிட வேண்டும். வீட்டுவசதி நிதி நிறுவனங்களுக்கு இந்த விதி கிடையாது. அவை தாங்களே நிர்ணயிக்கும் விகிதத்தை வைத்துக் கணக்கிடுவதால், ரெப்போ குறைந்தாலும் உங்கள் வட்டி உடனே குறையும் என்று நம்பி இருக்க முடியாது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 2021-ல் ரெப்போ 4 சதவீதம். ஸ்ப்ரெட் 2.75 என்றால் வட்டி 6.75 சதவீதம். 30 லட்சம் ரூபாயை 20 வருஷத்துக்கு வாங்கியவருக்கு மாதத் தவணை சுமார் 22,811 ரூபாய். ஒரு வருஷம் ஒழுங்காகக் கட்டிய பிறகு பாக்கி ஏறக்குறைய 29.27 லட்சம்.

2022 மே மாதம் ரெப்போ ஏற ஆரம்பித்தது. 2023 பிப்ரவரியில் 6.5 சதவீதத்தில் போய் நின்றது. நம் ஆளின் வட்டி 9.25 ஆகிவிட்டது. படிப்படியாக ஏறியதை, கணக்கு எளிதாக இருக்கட்டும் என்று, ஒரே நாளில் ஏறியதாக வைத்துக்கொள்வோம். இப்போது அந்தப் பாக்கிக்கு ஒரு மாத வட்டி மட்டும் 22,559 ரூபாய். பழைய தவணையே தொடர்ந்தால் அசலில் கழிவது 252 ரூபாய்! அந்த வேகத்தில் போனால் கடன் முடிய இன்னும் 48 வருஷத்துக்கு மேல் ஆகும். அதற்குள் ஓய்வு பெறும் வயது குறுக்கே வந்துவிடும் என்பதால் வங்கியும் அவ்வளவு தூரம் இழுக்காது. ஒரு கட்டத்தில் தவணையைக் கூட்டித்தான் ஆக வேண்டும். 19 வருஷத்தில் முடிய வேண்டுமானால் தவணை சுமார் 27,300 ரூபாய், அதாவது மாதம் ஏறத்தாழ 4,500 ரூபாய் கூடுதல்.

வட்டி ஏறினால் தவணையைத் தொடாமல் காலத்தை நீட்டுவதுதான் வங்கிகளின் வழக்கம். கையிலிருந்து போகும் பணம் மாறாததால் கடன்காரருக்கு உறைக்காது. இதைப் பார்த்துத்தான் 2023 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி ஒரு சுற்றறிக்கை விட்டது. வட்டி மாறியதைத் தெரிவிக்க வேண்டும். தவணையைக் கூட்டுவதா, காலத்தை நீட்டுவதா, இரண்டிலும் கொஞ்சமா என்று கடன்காரர் தேர்ந்தெடுக்க விட வேண்டும். மாத வட்டிக்கே போதாத தவணையில் கடனை இழுத்துக்கொண்டு போகக் கூடாது. தேர்வு உங்களுடையது. ஆனால் குறுஞ்செய்தியைப் பார்த்துவிட்டுச் சும்மா இருந்தால் காலம்தான் நீளும். மூன்று மாதத்துக்கு ஒரு முறை வரும் கணக்கு அறிக்கையில் எத்தனை தவணை பாக்கி என்று பாருங்கள். போன முறையைவிட எண்ணிக்கை கூடியிருந்தால் உங்கள் கடன் நீண்டிருக்கிறது.

அப்படியானால் நிலையான வட்டியே மேல் என்று தோன்றலாம். அதே 2021-ல் 8.25 சதவீதத்துக்கு நிலையான வட்டி கிடைத்திருந்தால், முதல் மாதத்திலிருந்தே தவணை 25,562 ரூபாய். வட்டி ஏறாத காலத்திலும் மாதம் 2,750 ரூபாய் அதிகம். அதைவிட முக்கியம், அந்த ‘நிலையான’ என்பது எத்தனை வருஷத்துக்கு என்பது. முதல் இரண்டு மூன்று வருஷம் மட்டும் நிலையாக இருந்து, பிறகு மாறும் வட்டிக்குப் போய்விடும் திட்டங்கள் நிறைய. முழுக்காலத்துக்கும் நிலையானது என்று சொல்லப்படும் கடனின் ஒப்பந்தத்திலும், குறிப்பிட்ட வருஷங்களுக்கு ஒரு முறை வட்டியைத் திருத்தலாம் என்று ஒரு பிரிவு இருக்கக்கூடும். விளம்பரத்தை விட்டுவிட்டு அந்தப் பிரிவைத் தேடிப் படியுங்கள்.

இன்னொரு வித்தியாசமும் உண்டு. தனிநபர் வாங்கிய மாறும் வட்டி வீட்டுக் கடனை முன்கூட்டியே அடைத்தால் அபராதம் கிடையாது. நிலையான வட்டிக் கடனில் அபராதம் கேட்க வாய்ப்புண்டு. போனஸ், சீட்டுப் பணம் என்று கைக்கு வருவதை அவ்வப்போது அசலில் போடும் பழக்கம் உள்ளவருக்கு மாறும் வட்டிதான் சரி என்பது என் கருத்து. சம்பளத்தில் பாதியைத் தவணையே தின்றுவிடும், மாதம் 4,500 ரூபாய் கூடினால் சமாளிக்கவே முடியாது என்கிறவர் நிலையான வட்டியைத் தேடுவதைவிட, கடன் தொகையைக் குறைப்பதைப் பற்றித்தான் முதலில் யோசிக்க வேண்டும்.

2025-ல் ரெப்போ இறங்கியது. இறங்கும்போதும் தவணையைக் குறைக்கவா, காலத்தைக் குறைக்கவா என்ற அதே கேள்விதான். தவணையைக் கட்ட முடிகிறது என்றால் அதை அப்படியே விட்டு, காலத்தைக் குறைக்கச் சொல்லி வங்கிக்கு எழுதிக் கொடுங்கள்.