சட்டத்தை இழுத்தால் சாய்வு மாறும்

கோட்டு வரைபடத்தில் ஒரு கோடு விறுவிறுவென்று ஏறுவதாகத் தெரிவதற்கு எண்கள் மட்டுமே காரணமல்ல. வரைபடச் சட்டத்தின் அகலத்துக்கும் உயரத்துக்கும் உள்ள விகிதமும் காரணம். 10 செ.மீ. சதுரத்தில் மூலைக்கு மூலை ஏறும் கோட்டின் சாய்வு 45 பாகை. அகலத்தை மட்டும் 20 செ.மீ. ஆக்கினால் அதே கோடு 27 பாகைக்குப் படுத்துவிடும். 5 செ.மீ. ஆகக் குறுக்கினால் 63 பாகைக்கு நிமிர்ந்துவிடும். கைபேசியை நெட்டாகப் பிடிப்பதற்கும் படுக்கையாகப் பிடிப்பதற்கும் இடையே இந்த அளவு மாற்றம் சாதாரணமாக நிகழ்கிறது.

செங்குத்து அச்சைப் பூஜ்யத்தில் தொடங்காமல் இடையில் வெட்டிக் காட்டினால், அச்சில் உள்ள எண்களைப் படிப்பவர் அதைக் கண்டுபிடித்துவிடலாம். சட்டத்தை இழுத்த வரைபடத்தில் அந்தத் தடயம் கிடையாது. எண்களும் அச்சுக் குறிகளும் அப்படியே இருக்கும். கோணம் மட்டும் மாறியிருக்கும்.

எது உண்மையான சாய்வு என்று கேட்டால் விடை இல்லை. நிலப்படத்தில் இரு திசைகளிலும் அளவு கிலோமீட்டர்தான். ஆகவே சரியான வடிவம் என்று ஒன்று உண்டு. கோட்டு வரைபடத்திலோ ஓர் அச்சில் ஆண்டு, மற்றதில் விலையோ மழையோ. ஓர் ஆண்டு எத்தனை ரூபாய்க்குச் சமம் என்று எந்த விதியும் சொல்வதில்லை. ஆகவே எந்த வடிவம் உண்மை என்று கேட்பதைவிட, எந்த வடிவத்தில் கண்ணுக்கு வேறுபாடு நன்றாகப் புலப்படுகிறது என்று கேட்பதே பொருத்தம்.

அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் பணியாற்றிய புள்ளியியலாளர் வில்லியம் கிளீவ்லண்ட் இந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டார். 1988இல் அவரும் உடன் ஆய்வாளர்களும் தந்த விடை, கோட்டுத் துண்டுகளின் சாய்வு சராசரியாக 45 பாகையை ஒட்டி அமையும்படி சட்டத்தைத் தேர்ந்தெடுக்கலாம் என்பது. காரணம் எளிய கணிதம்தான். ஒன்றைவிட மற்றது இரு மடங்கு வேகமாக ஏறும் இரண்டு கோடுகளை எடுத்துக்கொள்வோம். அவை 45 பாகைக்கு இருபுறமும் விழுந்தால் 35, 55 பாகைகளில் நிற்கும். இடைவெளி ஏறத்தாழ 20 பாகை. அதே வரைபடத்தை உயரவாக்கில் பத்து மடங்கு நீட்டினால் இரண்டும் 82, 86 பாகைகளுக்குப் போய்விடும். பத்து மடங்கு அமுக்கினால் 4, 8 பாகைகள். இரண்டிலும் இடைவெளி வெறும் 4 பாகை. கண்ணுக்கு இரு கோடுகளும் ஒன்றுபோலவே தோன்றும்.

இதற்குக் கிளீவ்லண்ட் காட்டிய சான்று சூரியப் புள்ளிகள். சூரியனின் முகத்தில் தெரியும் இந்தக் கரும்புள்ளிகள் ஏறத்தாழ 11 ஆண்டுக்கு ஒருமுறை பெருகிக் குறைகின்றன. 1749 முதல் 1924 வரையான ஆண்டுக் கணக்கை 15 செ.மீ. அகலம், 10 செ.மீ. உயரம் கொண்ட சட்டத்தில் வரைவதாகக் கொள்வோம். செங்குத்து அச்சு 0 முதல் 160 வரை. ஓர் ஆண்டுக்குக் கிடைக்கும் அகலம் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. நான்கு ஆண்டில் 100ஐ எட்டி, ஏழு ஆண்டில் இறங்கும் ஒரு சுழற்சி இதில் 87 பாகையில் ஏறி, 84 அல்லது 85 பாகையில் இறங்கும். பார்ப்பவருக்கு நெருக்கமான ஊசிகள்தான் தெரியும்.

உயரத்தை 8 மில்லிமீட்டராகக் குறைத்தால் படம் ஒரு நாடாவைப் போல மெலிந்துவிடும். பத்திரிகைப் பக்கத்தில் இதை அச்சிட எவரும் தயங்குவார்கள். ஆனால் அந்த நாடாவில் ஏற்றம் 56 பாகை, இறக்கம் 40 பாகை. சூரியப் புள்ளிகள் வேகமாகப் பெருகி மெதுவாகக் குறைகின்றன என்பதும், உயர்ந்த சிகரங்களில் இது இன்னும் தெளிவு என்பதும் அப்போதுதான் கண்ணில் படுகின்றன. உயரமான படத்தில் எந்தச் சிகரம் எவ்வளவு உயரம் என்பது எளிதாகத் தெரியும், சாய்வு மறைந்துவிடும்.

இந்த முறைக்கு எல்லையும் உண்டு. ஹவாயின் மௌனா லோவா மலையில் 1958 முதல் காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடு அளக்கப்படுகிறது. அன்று பத்து லட்சத்தில் சுமார் 315 பங்காக இருந்தது, இன்று 420ஐத் தாண்டிவிட்டது. இந்த நீண்ட ஏற்றத்தோடு, ஒவ்வோர் ஆண்டும் சுமார் 6 பங்கு ஏறி இறங்கும் பருவ அலையும் உண்டு. நீண்ட ஏற்றத்தை 45 பாகையில் நிறுத்தினால், அதைவிட ஏறத்தாழ ஆறு மடங்கு வேகமான பருவ ஏற்றம் 80 பாகைக்குப் போய்விடும். ஒரே சட்டம் இரண்டையும் காட்டாது. நீண்ட போக்குக்கு ஒன்று, பருவ அலைக்கு அகலமான மற்றொன்று என இரண்டு படங்கள் தேவை.

மேலும், 45 பாகை விதி ஒரே படத்துக்குள் உள்ள சாய்வுகளை ஒப்பிடத்தான் உதவும். தனித்தனியாக 45 பாகைக்கு அமைத்த இரண்டு படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், வேகமாக வளர்ந்ததும் மெல்ல வளர்ந்ததும் ஒரே சாய்வில் நிற்கும். அங்கே இரு படங்களிலும் ஓர் ஆண்டுக்கு ஒரே அகலமும் ஓர் அலகுக்கு ஒரே உயரமும் இருக்கின்றனவா என்று அச்சுக் குறிகளின் இடைவெளியை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். இல்லையென்றால் கோணத்தை விட்டுவிட்டு, இரண்டு புள்ளிகளின் மதிப்பை அச்சில் படித்து, வித்தியாசத்தை ஆண்டுகளால் வகுத்து வேகத்தைக் கணக்கிடுவதே வழி.