மோட்டார் ஓடுகிறது, பேட் ஏன் நனையவில்லை?

மே மாதத்து மதியம் ஒன்றில் வேலூரிலிருந்து அக்கா போன் செய்தாள். "மோட்டார் சத்தம் நல்லாத்தான்டா கேக்குது. ஆனா பேட்ல ஒரு சொட்டு ஈரம் இல்ல. வெறும் அனல் காத்துதான் வருது. போன வாரம்தான் புது பம்ப் போட்டுட்டுப் போனாங்க."

அவள் வீட்டில் இருப்பது டெசர்ட் கூலர். மூன்று பக்கமும் மரச்சீவல் பேட், நடுவில் பெரிய ஃபேன், அடியில் தண்ணீர்த் தொட்டி. தொட்டிக்குள் கிடக்கும் சின்ன பம்ப் தண்ணீரை ஒரு டியூப் வழியாக மேலே தள்ளும். உச்சியில் இருக்கும் டிஸ்ட்ரிபியூட்டர் அதை மூன்று கிளைகளாகப் பிரிக்கும். ஒவ்வொரு கிளையும் பேட்டுக்கு மேலே இருக்கும் துளை போட்ட தட்டில் ஊற்றும். அங்கிருந்து பேட் முழுக்கத் தண்ணீர் கசிந்து இறங்கும். ஈரமான பேட் வழியாக வரும் வெளிக்காற்று தண்ணீரை ஆவியாக்கி, அதில் தன் சூட்டை இழக்கிறது. பேட் காய்ந்திருந்தால் வெயில் காற்று அப்படியே வீட்டுக்குள் வந்துவிடும்.

இந்தக் கோளாறு வந்தால் எல்லோரும் முதலில் பம்பைத்தான் மாற்றுகிறார்கள். பம்ப் சத்தம் போடுகிறது என்றால் அதன் காயிலுக்குக் கரண்ட் போகிறது என்று மட்டுமே அர்த்தம். தண்ணீர் ஏறுகிறதா என்று அந்தச் சத்தம் சொல்லாது. தண்ணீர் எந்த இடம் வரை வந்து நிற்கிறது என்று கண்ணால் பார்த்தால்தான் கோளாறு தெரியும்.

முதலில் பிளக்கைப் பிடுங்குங்கள்

தண்ணீர், தகர உடம்பு, கரண்ட் மூன்றும் ஒரே இடத்தில் இருக்கும் சாதனம் இது. சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. பிளக்கையே பிடுங்கிய பிறகுதான் பின்பக்கக் கதவைக் கழற்ற வேண்டும், தொட்டியில் கை வைக்க வேண்டும். சோதனைக்காகப் பம்பை ஓட்டும்போதும் எல்லாவற்றையும் முதலில் பொருத்தி, கையை எடுத்துவிட்டு, பிறகே பிளக்கைச் செருக வேண்டும். கூலரைத் தொட்டால் லேசாகக் கூச்சம் போல ஷாக் அடித்தால் சோதனையெல்லாம் வேண்டாம், எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

பேட்டே பாதி சொல்லிவிடும்

கூலரை அரைமணி நேரம் ஓட்டி, பிளக்கைப் பிடுங்கிவிட்டு, மூன்று பேட்டையும் தொட்டுப் பாருங்கள். ஒரு பேட் மட்டும் காய்ந்திருந்தால் அந்தப் பக்கத்துக் கிளை அடைத்திருக்கிறது, அல்லது கூலர் சாய்ந்து நிற்கிறது. பேட் நனைந்து, நடுவில் மட்டும் மேலிருந்து கீழாகக் காய்ந்த பட்டை தெரிந்தால் தட்டின் துளைகள் அடைபட்டிருக்கின்றன. மூன்றுமே காய்ந்திருந்தால் கோளாறு பம்பில், டியூபில், அல்லது டிஸ்ட்ரிபியூட்டரின் வாயில் இருக்கிறது. புது மரச்சீவல் பேட் நனையக் கொஞ்ச நேரம் எடுக்கும் என்பதால் அதற்குள் முடிவு கட்டிவிடாதீர்கள்.

அக்கா வீட்டில் மூன்றுமே காய்ந்து கிடந்தன.

நடுவில் வெட்டிப் பார்ப்பது

தண்ணீர் போகும் வழியை இரண்டாகப் பிரித்துவிட்டால் தேடும் வேலை பாதியாகும். அதற்கு நல்ல இடம் டியூப் டிஸ்ட்ரிபியூட்டரில் சேரும் முனை. அங்கே டியூபை உருவி, அதே உயரத்தில் ஒரு பிளாஸ்டிக் டப்பாவுக்குள் அதன் முனையை விட்டுக் கட்டினோம். பிளக்கைச் செருகி பத்து விநாடி ஓட்டினோம். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, டப்பாவில் சேர்ந்த தண்ணீரை லிட்டர் பாட்டிலில் ஊற்றி அளந்தோம். பாட்டிலின் அடி நனைந்தது, அவ்வளவுதான். ஆக, தண்ணீர் டிஸ்ட்ரிபியூட்டர் வரைக்குமே வரவில்லை.

அடுத்தது பம்ப். டியூபைக் கழற்றிவிட்டு, பம்பை ஒரு வாளித் தண்ணீரில் முழுதாக மூழ்க வைத்தோம். அதன் வாயில் ஒரு முழ நீளத் துண்டுக் குழாயைச் செருகிப் பக்கத்து வாளியில் விட்டோம். பத்து விநாடியில் 2 லிட்டர் சேர்ந்தது. பம்ப் நன்றாகவே இருந்தது.

மிச்சம் டியூப். அதில் ஓட்டை இல்லை. வாயால் ஊதினால் காற்று தாராளமாகப் போனது. அப்புறம்தான் மாப்பிள்ளை கவனித்தார். பின்பக்கக் கதவை மூடும்போது அதன் விளிம்பு டியூபை அழுத்தி மடித்துக்கொண்டிருந்தது. வெயிலில் இளகிய பிளாஸ்டிக் டியூப் அந்த இடத்திலேயே தழும்பாகிவிட்டது. கதவைத் திறந்தால் லேசாக நிமிரும், மூடினால் மறுபடி மடங்கும். மடிந்த துண்டை வெட்டி எறிந்துவிட்டு, ஓரத்திலிருந்து தள்ளி டியூபை வளைத்துக் கட்டினோம். கதவை மூடி மறுபடி அளந்தபோது மேலே ஒரு லிட்டருக்குக் கொஞ்சம் கூடவே வந்தது.

கீழே 2 லிட்டர் தந்த பம்ப் மேலே அதில் பாதி தந்தால் பயப்பட வேண்டாம். உயரம் ஏற ஏறப் பம்ப் தள்ளும் அளவு குறையும். பம்பின் மேல் 'ஹெச் மேக்ஸ் 1.8 மீட்டர்' என்று அச்சிட்டிருந்தால், அந்த உயரத்தில் தண்ணீர் அடியோடு நின்றுவிடும் என்று பொருள். உயரமான கூலருக்குச் சின்ன பம்ப் போட்டால் பேட் நனையாமல் போவது இதனால்தான்.

டிஸ்ட்ரிபியூட்டருக்குள் சுண்ணாம்பு

டியூபைச் சேர்த்து ஓட்டினோம். இரண்டு பேட் நனைந்தன, இடப்பக்கத்து பேட் மட்டும் அப்படியே இருந்தது. கூலரின் மேல்மூடியில் தண்ணீர் மட்டம் வைத்துப் பார்த்தோம், சாய்வு இல்லை. டிஸ்ட்ரிபியூட்டரைக் கழற்றினால் மூன்று வாய்களில் ஒன்று வெள்ளைக் கல்லாக உறைந்து, அதில் மரச்சீவல் துணுக்குகள் சிக்கியிருந்தன. அக்கா ஊற்றுவது போர் தண்ணீர். தண்ணீர் ஆவியாகிப் போனாலும் அதிலிருக்கும் உப்பு போகாது. தொட்டியில் மேலும் மேலும் தண்ணீர் சேர்க்கச் சேர்க்க உப்பு கெட்டிப்பட்டு, குறுகலான இடத்தில் முதலில் படியும்.

டிஸ்ட்ரிபியூட்டரை வினிகரில் ஒரு மணி நேரம் ஊற வைத்தோம். நுரை கிளம்பி, கல் இளகியது. மிச்சத்தை ஈர்க்குச்சியால் குத்தி எடுத்தோம். தட்டின் துளைகளுக்கும் அதே ஈர்க்குச்சிதான். கழிவறை கழுவும் ஆசிட்டைத் தொட்டிப் பக்கம் கொண்டுவராதீர்கள், தகரத்தை அரித்துவிடும்.

கழற்றிப் போட்ட பழைய பம்ப்

போன வாரம் கழற்றிய பம்ப் பரணில் கிடந்தது. அதையும் வாளியில் விட்டுப் பார்த்தோம். சத்தம் வந்தது, தண்ணீர் அரை லிட்டர் கூட வரவில்லை. பிளக்கைப் பிடுங்கிவிட்டு அடியிலுள்ள சல்லடை மூடியைக் கழற்றினோம். உள்ளே தண்ணீரைத் தள்ளும் சின்னச் சக்கரத்தின் தண்டில் தலைமுடியும் நாரும் சுற்றிக் கிடந்தன. சக்கரத்தை வெளியே இழுத்து முடியை அறுத்து, பல் துலக்கும் பழைய பிரஷால் தேய்த்துத் திரும்பப் பொருத்தினோம். விரலால் சுற்றும்போது காந்தம் இழுப்பதால் விட்டு விட்டுத்தான் சுற்றும், அது கோளாறில்லை. மறுபடி அளந்தால் 2 லிட்டர். சக்கரம் தண்டிலிருந்து பிய்ந்து தனியே சுற்றினாலோ, காயில் கருகிய வாடை வந்தாலோ மட்டும் பம்பை மாற்றத்தான் வேண்டும்.

தொட்டியில் தண்ணீர் பம்பின் வாய்க்குக் கீழே இறங்கிவிட்டாலும் இதே அறிகுறிதான். பம்ப் காற்றை உறிஞ்சிக் களகளவென்று கத்தும். அப்படி வறண்டு ஓடினால் சீக்கிரம் எரிந்துபோகும்.

அன்று சாயங்காலம் மூன்று பேட்டும் மேலிருந்து கீழ்வரை ஒரே நிறத்தில் நனைந்திருந்தன. அக்கா இப்போது வாரத்துக்கு ஒருமுறை தொட்டித் தண்ணீரை அடியோடு வடித்துவிட்டுப் புதுத் தண்ணீர் விடுகிறாள். பழைய பம்பைத் துடைத்து, துணியில் சுற்றி, அடுத்த கோடைக்கென்று பரணிலேயே வைத்திருக்கிறாள்.