பள்ளிச் செலவுக்கு ஒன்பது மாதத் தொடர் வைப்பு

சி.பி.எஸ்.இ. பள்ளிகள் பலவற்றில் ஏப்ரலில் கல்வியாண்டு தொடங்குகிறது. எடுத்துக்காட்டாக, பாடநூல்களுக்கு 6,000 ரூபாய், சீருடைக்கும் காலணிக்கும் 4,500, புத்தகப் பைக்கு 1,500, பள்ளிப் பேருந்தின் முதல் தவணைக்கு 6,000 எனக் கொண்டால், 18,000 ரூபாய் ஒருசேரத் தேவைப்படும்.

ஜூன் மாதத்தில் ஒன்பது மாதத் தொடர் வைப்பைத் தொடங்கி, மாதந்தோறும் 2,000 ரூபாய் செலுத்தினால், பிப்ரவரியில் தவணைகள் நிறைவுறும். மார்ச்சில் தொகை வட்டியுடன் கைக்கு வரும். சம்பளம் வரும் நாளுக்கு மறுநாள், சேமிப்புக் கணக்கிலிருந்து தவணையைத் தானாகப் பிடித்துக்கொள்ளுமாறு கிளையில் எழுதிக் கொடுக்கலாம். அன்று போதிய இருப்பு இல்லையெனில் தவணை தவறும், அபராதமும் விதிக்கப்படலாம். இடையில் கணக்கை முடித்தால் வட்டி குறையும்.

குழந்தைகள் வளர்வதால், சீருடையை மார்ச் இறுதியில் அளவெடுத்து வாங்குவதே நன்று. பேருந்தின் அடுத்த தவணைகள் இத்தொகையில் அடங்கா; அவற்றுக்குத் தனியே ஒதுக்கவேண்டும்.