பார்சலுக்குள்ள 2 ரூபா நன்றி கார்டு: லாபமா, நஷ்டமா?

வேலைக்குப் போய்க்கிட்டே, சைடுல இன்ஸ்டாகிராம்ல டெரகோட்டா கம்மல் விக்கிறீங்கன்னு வச்சுக்குவோம். ஒரு ஜோடி 300 ரூபா. எல்லா செலவும் போக கையில நிக்கிறது 90 ரூபா. இப்போ ஒவ்வொரு பார்சல்லயும் ஒரு நன்றி கார்டு வச்சு, "அடுத்த ஆர்டருக்கு 10% தள்ளுபடி"ன்னு போடுறீங்க. இது கட்டுப்படியாகுமா?

மேலோட்டமான கணக்கு

100 கார்டுக்கு 200 ரூபா செலவு. கூப்பன்ல 30 ரூபா குறையுறதால, அந்த ஆர்டர்ல உங்களுக்கு 60 ரூபாதான் நிக்கும். அப்போ 4 ஆர்டர் வந்தாலே கார்டு காசு வந்துடும்னு தோணும்.

விட்டுப்போற கணக்கு

கார்டே இல்லைன்னாலும் அந்த 100 பேர்ல ஒரு 10 பேர் திரும்ப வாங்கியிருப்பாங்கன்னு வைங்க. அவங்களும் இப்போ கூப்பனைப் பயன்படுத்துவாங்க. அதுல 300 ரூபா போச்சு. மொத்தச் செலவு 500 ரூபா. இதை எடுக்க, கார்டால மட்டுமே 9 புது ஆர்டர் வரணும். அதாவது மொத்தம் 19 கூப்பன். 15 கூப்பன் வந்தா பார்க்க சூப்பரா இருக்கும். உண்மையில 200 ரூபா நஷ்டம்!

அதனால கூப்பனை மட்டும் எண்ணாதீங்க. ஒரு பார்சல் விட்டு ஒரு பார்சல்ல கார்டு வைங்க. யாருக்கு வச்சீங்கன்னு ஆர்டர் ஷீட்ல குறிச்சுக்கோங்க. ரெண்டு மூணு மாசம் கழிச்சு, எந்தப் பக்கம் எத்தனை பேர் திரும்ப வந்தாங்கன்னு பாருங்க. ஒண்ணு ரெண்டு ஆர்டர் வித்தியாசத்தை வச்சு முடிவு பண்ண வேண்டாம்.

ரிவ்யூ கேக்குறதுல கவனம்

"5 ஸ்டார் போட்டா 50 ரூபா கேஷ்பேக்"னு கார்டுல போடவே கூடாது. அமேசான்ல விக்கிறவங்களுக்கு இது விதிமீறல், அக்கவுண்டையே முடக்கலாம். "பிடிச்சிருந்தா ரிவ்யூ போடுங்க, பிடிக்கலைன்னா எங்களுக்கு மட்டும் சொல்லுங்க"ன்னு பிரிச்சுக் கேக்குறதும் அங்க தப்புதான்.

நீங்களே நேரடியா வித்தாலும், காசு குடுத்து வாங்குற பாராட்டால பிரயோஜனம் இல்லை. கம்மலோட கொக்கி ஒரே வாரத்துல கழண்டுச்சுன்னா, அதை யாராவது சொன்னாதானே அடுத்த பேட்ச்ல மாத்த முடியும்? "எப்படி இருந்துச்சு?"ன்னு கேட்டா "நல்லா இருக்கு"ன்னு முடிச்சிருவாங்க. கேள்வி குறிப்பா இருக்கணும்:

"வாங்கினதுக்கு நன்றி! போட்டுப் பார்த்தப்போ எடை, கொக்கி, கலர் இதுல எது சரியில்லை? குறையா இருந்தாலும் தயங்காம வாட்ஸ்அப்ல சொல்லுங்க."

கீழே ஒரு கியூஆர் கோடு, பேனாவுல வாடிக்கையாளர் பேர். அவ்ளோதான். தள்ளுபடி குடுக்கிறதா இருந்தா, கருத்து சொன்னாலும் சொல்லாட்டியும் எல்லாருக்கும் குடுங்க.

உங்க பொருளுக்கு இந்த 19 எவ்வளவா வருது? பிரிண்டுக்குக் குடுக்கிறதுக்கு முன்னாடி போட்டுப் பாருங்க.