கறவை மாட்டுக்கு ஓர் ஆண்டு நாட்காட்டி

நான்கைந்து மாடுகள் உள்ள பண்ணையில் தடுப்பூசி, குடற்புழு நீக்கம், சினைப்படுத்தல் ஆகிய மூன்றையும் இரண்டு குறிகளை வைத்து வகுக்கலாம். ஒன்று மாடு கன்று ஈன்ற தேதி. மற்றொன்று மழைக்காலம் தொடங்கும் மாதம்.

தமிழ்நாட்டில் ஒரு கலப்பினப் பசு ஜனவரி 10 அன்று ஈன்றதாகக் கொள்வோம். கருப்பை பழைய நிலைக்குத் திரும்ப ஏறத்தாழ 60 நாள் ஆகும். ஆகவே மார்ச் இரண்டாம் வாரத்துக்குப் பிறகு வரும் சினைப்பருவத்தில்தான் சினை ஊசி போடவேண்டும். கத்துதல், பிற மாடுகள் தன்மேல் தாவும்போது அசையாமல் நிற்றல், கண்ணாடிபோல் தெளிந்த வழும்பு வடிதல் ஆகியவை அதன் அடையாளங்கள். காலையில் தெரிந்தால் அன்று மாலையிலும், மாலையில் தெரிந்தால் மறுநாள் காலையிலும் ஊசி போடுவது வழக்கம்.

ஏப்ரல் 1 அன்று ஊசி போட்டால், 21 நாள் கழித்து, அதாவது ஏப்ரல் 22ஐ ஒட்டி, மாட்டைக் காலையும் மாலையும் கவனிக்கவேண்டும். பருவம் மீண்டும் தெரிந்தால் சினை நிற்கவில்லை. தெரியாவிட்டாலும் சினை உறுதியென்று சொல்லிவிட முடியாது. சத்துக்குறைவிலும் பருவம் வெளித்தெரியாமல் போகும். ஜூலை முதல் வாரத்தில் கால்நடை மருத்துவரிடம் சினைப் பரிசோதனை செய்தால்தான் ஐயம் தீரும். சினைக்காலம் சுமார் 280 நாள் என்பதால் அடுத்த கன்று ஜனவரி 6 வாக்கில் பிறக்கும். அதற்கு 60 நாள் முன்பு, நவம்பர் 7 அளவில், பாலை வற்றவைக்கவேண்டும்.

வடகிழக்குப் பருவமழைக்கு முன், ஆகஸ்டில், தொண்டை அடைப்பானுக்கும் சப்பை நோய்க்கும் ஆண்டுக்கு ஒருமுறை தடுப்பூசி போடவேண்டும். கோமாரிக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை: இந்தப் பசுவுக்கு மார்ச், செப்டம்பர். புழு மிகுந்த மாட்டில் தடுப்பூசி சரியாக வேலை செய்யாது. ஆகவே இரண்டு வாரம் முன்பே குடற்புழு மருந்து கொடுக்கவேண்டும். சினையின் தொடக்க மாதங்களில் அல்பென்டசோல் கருவைப் பாதிக்கும்; அப்போது மருத்துவர் சொல்லும் வேறு மருந்தே ஏற்றது. மருந்துக்குப் பின் எத்தனை நாள் பாலை விற்கக்கூடாது என்பதையும் கேட்டறியவேண்டும். நிறைசினை மாட்டை முகாமில் விட்டுவிட்டால், ஈன்ற பிறகு அதற்குத் தனியாக ஊசி போடவேண்டும்.

கன்றுக்குத் தாயின் பால் வழியே உருண்டைப் புழு வந்துவிடும். அதனால் முதல் மருந்து பிறந்த பத்தாம் நாளை ஒட்டி, ஜனவரி 20 அளவில். பிறகு ஆறு மாதம் வரை மாதந்தோறும். முதல் கோமாரி ஊசி நான்காம் மாதத்தில், அதாவது மே மாதம். ஊக்க ஊசி ஜூனில். கிடேரிக் கன்றானால், கருச்சிதைவு நோய்க்கான ஊசியை நான்கு முதல் எட்டு மாத வயதுக்குள் ஒரே ஒருமுறை போடவேண்டும்.

இந்தத் தேதிகளை மாட்டுக்கு ஒரு பக்கமாக நோட்டில் எழுதி வைத்து, ஒவ்வொரு முறையும் மருத்துவரிடம் காட்டுங்கள்.