ஆய்வேட்டில் இருந்தும் தேடலில் அகப்படாத சொல்

நாமக்கல் கோட்டை மலையைக் குடைந்து எடுத்த அரங்கநாதர் குடைவரைக்குக் கல்வெட்டில் உள்ள பெயர் அதியேந்திர விஷ்ணுகிருகம். சேலம் மாவட்ட ஊர்ப்பெயர்களையோ கோயில்களையோ பற்றிய பழைய தட்டச்சு ஆய்வேட்டில் இந்தப் பெயர் வராமல் இருக்காது. ஆனால் அந்த ஏட்டை வருடி, எழுத்துணரி மென்பொருளில் ஓட்டி எடுத்த கோப்பில் ‘அதியேந்திர’ என்று தேடினால் ஒன்றுமே கிடைக்காமல் போகலாம். பக்கத்தின் கடைசி வரி ‘அதியேந்’ என்று முடிந்திருக்கும். அதன் கீழே இரண்டு அடிக்குறிப்புகள், அடுத்து ‘சேலம் மாவட்ட ஊர்ப்பெயர்கள்’ என்னும் பக்கத் தலைப்பு, ஒரு பக்க எண். அதற்குப் பிறகுதான் ‘திர விஷ்ணுகிருகம்’ வரும். எழுத்துகளை மென்பொருள் ஒன்றுவிடாமல் சரியாகவே படித்திருந்தாலும் சொல் தொலைந்துவிட்டது.

பெரியார் பல்கலைக்கழகம் சேலத்தில் தொடங்கியது 1997இல். நாமக்கல் தனி மாவட்டமானதும் அதே ஆண்டுதான். அதற்கு முந்தைய ஆய்வேடுகள் சென்னைப் பல்கலைக்கழகம் போன்ற இடங்களில் அளிக்கப்பட்டவை. ராசிபுரமும் திருச்செங்கோடும் அவற்றில் சேலம் மாவட்டம்தான். காந்திநகரில் உள்ள இன்ஃபிலிப்நெட் நடத்தும் ‘சோத்கங்கா’ களஞ்சியத்தில் பழைய ஏடுகள் பல வருடிய படங்களாகக் கிடைக்கின்றன. அவற்றைத் தேடக்கூடிய உரையாக்க முனைபவர்கள் பலரும் முதல் வேலையாகச் செய்வது வரிகளை ஒட்டிப் பத்தியாக்குவது. அதைக் கடைசியில்தான் செய்ய வேண்டும். எது உடல் உரை, எது தலைப்பு, எது அடிக்குறிப்பு என்று சொல்வது பக்கத்தில் அந்த வரி இருக்கும் இடம். வரிகளை ஒட்டியதும் அந்த இடம் அழிந்துவிடும்.

ஆகவே எழுத்துணரியிடம் வெறும் உரையைக் கேட்காமல், இடக்குறிப்போடு கேட்க வேண்டும். டெசராக்டில் இப்படி:

```
tesseract p112.png p112 -l tam+eng --psm 4 tsv
```

கிடைக்கும் p112.tsv கோப்பில் ஒவ்வொரு சொல்லுக்கும் `left`, `top`, `width`, `height` என்ற அளவுகள் இருக்கும். அங்குலத்துக்கு 300 புள்ளி என்று வருடியிருந்தால் ஓர் ஏ4 தாள் 2480 புள்ளி அகலம், 3508 புள்ளி உயரம். தடித்த கட்டுக்குள் இருந்து வருடிய பக்கங்கள் சாய்ந்திருக்கும். சாய்வை முதலில் நேராக்காவிட்டால் இந்த எண்களை நம்ப முடியாது.

முதலில் நிரல்கள். பின்னிணைப்பில் ஊர்ப்பட்டியல் இரண்டு நிரலாக இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இடது நிரலில் ஆத்தூர், ஆறகழூர், எடப்பாடி, ஓமலூர். வலது நிரலில் சங்ககிரி, சேந்தமங்கலம், தாரமங்கலம், மோகனூர். மென்பொருள் குறுக்கே படித்தால் ஆத்தூர், சங்ககிரி, ஆறகழூர், சேந்தமங்கலம் என்று வரும். அகர வரிசை முன்னும் பின்னுமாகத் தாவுவதே தவறைக் காட்டிவிடும். பக்கத்தின் நடுவே எந்தச் சொல்லும் தொடாத வெற்றுப் பட்டை `left`, `width` எண்களில் தெரியும். அங்கே இரண்டாகப் பிரித்து இடதை முழுக்க எடுத்தபின் வலதை எடுத்தால் போதும். ஆனால் அதே தோற்றத்தில் ஊர், வட்டம், கல்வெட்டு எண் என்று மூன்று கட்டங்கள் கொண்ட அட்டவணையும் இருக்கும். அதைக் குறுக்கேதான் படிக்க வேண்டும். நிரல் நிரலாகப் பிரித்தால் எந்த ஊருக்கு எந்தக் கல்வெட்டு என்பதே போய்விடும். இரண்டில் எது என்பதை ஆள்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். பின்னிணைப்புக்கு ஒரு முறை சொன்னால் போதும், பக்கத்துக்குப் பக்கம் தேவையில்லை.

அடுத்து பக்கத் தலைப்பு. இதை நீக்காமல் ‘சேலம்’ எத்தனை முறை வருகிறது என்று எண்ணினால், பக்க எண்ணிக்கையும் அதில் சேர்ந்துகொள்ளும். ஒரே சொற்றொடர்தானே, தேடி அழித்துவிடலாம் என்றால் முடியாது. ஒரு பக்கத்தில் ‘சேலம’ என்றும், இன்னொன்றில் ‘கேலம்’ என்றும் மென்பொருள் படித்திருக்கும். மேல் விளிம்பை ஒட்டிய முதல் வரி, பெரும்பாலான எழுத்துகள் பொருந்துகின்றன என்ற இரண்டும் சேர்ந்தால் மட்டும் நீக்க வேண்டும். முதல் வரி என்பதற்காகவே நீக்கினால், பக்கத் தலைப்பு போடாத இயல் தொடக்கப் பக்கங்களில் இயலின் பெயரே போய்விடும்.

நீக்குமுன் பக்க எண்ணைத் தனியே எடுத்துவைப்பது எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. அச்சிட்ட பக்க எண்ணிலிருந்து பட எண்ணைக் கழித்தால் ஏடு முழுதும் ஒரே விடை வர வேண்டும். ஓரிடத்தில் விடை ஒன்று கூடினால் அங்கே ஒரு பக்கம் வருடப்படவில்லை. ஒன்று குறைந்தால் ஏதோ பக்கம் இருமுறை வந்திருக்கிறது. எண்ணிடாத படத்தாள் இடையில் செருகப்பட்டிருந்தாலும் ஒன்று குறையும் என்பதால் படத்தைப் பார்த்து உறுதி செய்ய வேண்டும். பிற்பாடு மேற்கோள் காட்டுபவர் சொல்வதும் அந்தப் பழைய எண்ணைத்தான்.

அடிக்குறிப்புதான் கடினம். அச்சு நூலில் எழுத்துச் சிறியதாக இருக்கும். தட்டச்சில் எல்லா எழுத்தும் ஒரே அளவு. அங்கே உதவுவது வரி இடைவெளி: உடல் உரையை இரட்டை இடைவெளியிலும் அடிக்குறிப்பை ஒற்றை இடைவெளியிலும் அடிப்பது வழக்கம். அடுத்தடுத்த வரிகளின் `top` எண்களைக் கழித்துப் பாருங்கள். 100 புள்ளியாக வந்துகொண்டிருந்த இடைவெளி பக்கத்தின் கீழ்ப்பகுதியில் ஏறத்தாழ பாதியாகச் சுருங்கினால் அங்கே குறிப்பு தொடங்கிவிட்டது. மேற்கோள் பத்திகளையும் ஒற்றை இடைவெளியில் அடிப்பதுண்டு. அவை இருபுறமும் உள்ளே தள்ளி நிற்கும், அவற்றின் கீழே மீண்டும் உடல் உரை வரும்.

உடல் உரையில் சொல்லின் தோளில் ஏறி நிற்கும் குறிப்பெண்ணை மென்பொருள் மேற்கோள் குறியாகவோ புள்ளியாகவோ படித்துவிடும். கீழே மூன்று குறிப்புகள், மேலே இரண்டு எண்கள் என்றால் ஒன்று தொலைந்திருக்கிறது. எண் இல்லாமல் தொடங்கும் குறிப்பு, முந்தைய பக்கத்துக் குறிப்பின் தொடர்ச்சி. பக்கந்தோறும் எண் 1இலிருந்து தொடங்குவதால், குறிப்புகளை ஏட்டின் இறுதிக்கு நகர்த்தும்போது `[^112-2]` என்று பக்க எண்ணையும் சேர்க்க வேண்டும்.

இவ்வளவும் முடிந்த பிறகுதான் வரிகளை ஒட்டலாம். ஆங்கிலத்தில் முறிந்த சொல்லுக்கு இணைகோடு உண்டு. தமிழ்த் தட்டச்சில் பெரும்பாலும் அது இல்லாமலே சொல்லை முறித்து அடுத்த வரிக்குப் போவார்கள். இங்கே நம் இலக்கணமே கைகொடுக்கிறது. ‘அதியேந்’ என்று ந் எழுத்தில் ஒரு சொல் இன்று முடியாது. ஆகவே அடுத்த வரியின் ‘திர’ அதைச் சேர்ந்தது. மெய்யெழுத்திலோ ண, ன, ழ, ள, ற வரிசையிலோ தொடங்கும் வரியும் முறிந்த சொல்லின் மீதியாகவே இருக்கும். ர, ல இரண்டும் சொல்லுக்கு முதலில் வாரா என்ற விதியையும் சேர்த்துக்கொண்டால் ‘ராசிபுரம்’ முந்தைய சொல்லோடு ஒட்டிக்கொள்ளும். அவற்றை விட்டுவிடுவது நல்லது. விதிக்குள் வராத இடங்களில், ஒட்டிய வடிவம் ஏட்டின் வேறிடத்தில் முழுச் சொல்லாக வந்திருக்கிறதா என்று பார்த்து முடிவு செய்யலாம்.

இவற்றால் தீராதது ஒன்று உண்டு. 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன் அடித்த ஏடுகளில் ணை, லை, ளை, னை, ணா, றா, னா முதலிய 13 எழுத்துகள் பழைய வடிவில் இருக்கும். இன்றைய எழுத்துருக்களைக் கொண்டு பயிற்றப்பட்ட மென்பொருள் அவற்றில் தடுமாறும். ‘மலை’ என்ற சொல் எந்தெந்த வடிவில் சிதைந்து வந்திருக்கிறது என்று ஒரு பட்டியல் எடுத்து, ஒவ்வொன்றையும் படத்தோடு ஒப்பிட்ட பின்னரே மாற்ற வேண்டும். கொல்லிமலையும் கஞ்சமலையும் சேர்வராயன் மலையும் உள்ள மாவட்டத்து ஏட்டில் அந்தப் பட்டியல் நீளமாகத்தான் இருக்கும்.