கசங்காத லினன் சட்டையை யார் நம்புவார்?

பேருந்து நிறுத்தத்தில் நடுவயதுக்காரர் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். வெள்ளை லினன் முழுக்கைச் சட்டை, பிற்பகல் வெயில். ஏஐ கருவியிடம் இப்படி ஒரு படம் கேட்டால் முகமும் நிழலும் அசலாக வந்துவிடும். சட்டை மட்டும் பட்டுத்துணிபோல வழுக்கிக்கொண்டு நிற்கும். மடக்கிய முழங்கைக்குள் ஒரு கசங்கல்கூட இருக்காது. கருவி படித்ததெல்லாம் இணையப் படங்கள். அதில் கடைக்காரர்களின் படங்கள் ஏராளம். அவர்களோ நீராவியால் நீவி, முதுகுப் பக்கம் கிளிப் போட்டு இழுத்துப் பிடித்த பிறகுதான் துணியைப் படம் எடுக்கிறார்கள்.

பருத்தியும் லினனும் செல்லுலோஸ் இழைகள். அதன் மூலக்கூறுகள் ஒன்றையொன்று ஹைட்ரஜன் பிணைப்புகளால் பிடித்துக்கொண்டிருக்கும். ஈரம் பட்டால் அந்தப் பிடி தளரும், காய்ந்தால் துணி எந்த நிலையில் இருக்கிறதோ அந்த நிலையிலேயே மறுபடி இறுகும். தண்ணீர் தெளித்து இஸ்திரி போடுவது இதைத்தான் செய்கிறது. மடக்கிய முழங்கைக்குள் ஊறும் வியர்வை செய்வதும் இதேதான். லினன் இழை பருத்தியைவிட விறைப்பானது, நீளவும் அவ்வளவாக நீளாது. அதனால் பருத்தியில் வளைந்து மென்மையாக விழும் சுருக்கம் லினனில் காகிதத்தை மடித்ததுபோலக் கூராக விழுகிறது.

ஆகவே படத்தைத் தொடும் முன் இந்த மனிதரின் நாளை யோசித்துக்கொள்ள வேண்டும். காலையில் இஸ்திரி போட்ட சட்டை. கையை மடக்கி நீட்டியிருக்கிறார், குனிந்திருக்கிறார், உட்கார்ந்திருக்கிறார். எனவே முழங்கையின் உட்புறத்திலும் வயிற்றுக்குக் குறுக்கேயும் கசங்கல் வேண்டும். தோள்பட்டை ஏறக்குறைய நேராகவே இருக்கலாம். கழுத்துப்பட்டையும் பித்தான் பட்டியும் பல அடுக்குத் துணி என்பதால் அவ்வளவு எளிதில் கசங்காது. ஆனால் கருவிக்கு இந்தக் கதை புரியாது. கதையின் விளைவை மட்டும், இடம் குறிப்பிட்டுச் சொல்ல வேண்டும்:

```
white linen shirt, sharp creases inside elbows
and across the waist, faint pressed line along
upper sleeve, sunlight from the left side
```

கடைசியில் உள்ள வெயில் அலங்காரத்துக்காக எழுதியது அல்ல. ஒளி நேர் எதிரே இருந்து விழுந்தால் வெள்ளைத் துணியில் சின்னக் கசங்கல் கண்ணுக்கே தெரியாது. பக்கவாட்டில் விழுந்தால்தான் ஒவ்வொரு மடிப்புக்கும் ஒரு பக்கம் வெளிச்சமும் மறுபக்கம் நிழலும் கிடைக்கும். இன்னொன்று: `wrinkled` என்று மொட்டையாக எழுதாதீர்கள். அந்தச் சொல் சட்டையோடு நிற்காமல் முகத்துக்கும் பரவி, ஆளுக்குப் பத்து வயது கூடிவிடும்.

இவ்வளவு சொல்லியும் கசங்கல் வராமல் போவது உண்டு. எளிய கணக்கு அது. படத்தின் உயரம் 1024 புள்ளிகள், அதில் உட்கார்ந்த மனிதர் ஏறக்குறைய 1.3 மீட்டர் உயரத்துக்கு நிறைந்திருக்கிறார் என்றால், ஒரு புள்ளிக்குள் ஒன்றே கால் மில்லிமீட்டர் அடங்கிவிடுகிறது. லினனின் மெல்லிய கசங்கலுக்கு ஒன்றிரண்டு புள்ளிகள்தான் மிச்சம். அதற்குள் கருவியால் எதை வரைய முடியும்?

எனவே துண்டு துண்டாகத் திருத்த வேண்டும். ஸ்டேபிள் டிஃப்யூஷனை இயக்கும் AUTOMATIC1111 திரையில் முழங்கைப் பகுதியை மட்டும் தூரிகையால் பூசிவிட்டு, `Inpaint area` என்ற இடத்தில் `Only masked` என்று தேர்ந்தெடுத்தால், அந்தச் சிறு பகுதியைப் பெரிதாக்கி வரைந்து பழைய இடத்தில் பொருத்தித் தரும். `Denoising strength` அளவை 0.4 அருகில் தொடங்கலாம். 0.2 என்றால் எதுவும் மாறாது. 0.8 என்றால் கை வேறு கையாகிவிடும். முழங்கை முடிந்த பிறகு வயிற்றுப் பகுதி. இரண்டையும் சேர்த்துப் பூசினால் பெரிதாக்கும் பலன் குறைந்துபோகும்.

சரிபார்க்கும்போது நான் முதலில் தேடுவது சட்டைப் பித்தானை. அது ஏறக்குறைய 11 மில்லிமீட்டர் அகலம். மெல்லிய கசங்கல் பித்தானைவிட அகலமாக இருந்தால் அது சட்டை அல்ல, ஜமுக்காளம். பிறகு தையல்களைப் பார்ப்பேன். உண்மைத் துணியில் சுருக்கம் தையலைத் தொட்டதும் திசை மாறும் அல்லது நின்றுவிடும். போலி மடிப்பு அதைக் கண்டுகொள்ளாமல் தாண்டி ஓடும். இரண்டு முழங்கையிலும் அச்சடித்ததுபோல ஒரே சுருக்கம் இருந்தாலும் சந்தேகப்படுங்கள்.

இஸ்திரிக் கோடுதான் கடைசி வேலை. தோளிலிருந்து கைப்பட்டி வரை அளவுகோல் வைத்ததுபோல ஒரே கோடாக வரைந்துவிடுவது கருவியின் வழக்கம். மேல்கையில் அது தெளிவாக இருக்கட்டும். மடக்கிய முழங்கையில் கசங்கலுக்குள் அது உடைந்து காணாமல் போக வேண்டும். முன்கையில் மறுபடி தலைகாட்டினால் மங்கலாக, சற்றே விலகி இருக்க வேண்டும். அந்த இடத்தை மட்டும் இன்னொரு முறை பூசி, 0.3 வைத்துப் பாருங்கள்.